எல்லை போட எது அலகு: தாலுகாவா, கிராமமா?

மொழிவாரி மாநிலம் என்று முடிவான பிறகு, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. இரண்டு முறைகளும் நம் பக்கத்திலேயே நடந்தவை.

வேகம்
தாலுகா: 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அப்படியே கன்னியாகுமரி மாவட்டம் உருவாகிவிட்டது. அரசு அலுவலகம், நிலப் பதிவேடு எல்லாம் தாலுகாவோடு சேர்ந்தே வரும்.
கிராமம்: எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி சென்னை-ஆந்திர எல்லை மாறியது 1960 ஏப்ரல் 1-இல்தான். ஆந்திரா பிரிந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நியாயம்
தாலுகா: உள்ளே இருக்கும் சிறுபான்மைக் கிராமங்களும் பெரும்பான்மையோடு போய்விடும்.
கிராமம்: ஒவ்வொரு ஊரின் மொழிக் கணக்கையும் பார்க்கலாம். சித்தூர் மாவட்டத்துத் திருத்தணி செங்கல்பட்டுக்கு வந்ததும், இங்கிருந்து சத்தியவேடு பகுதி சித்தூருக்குப் போனதும் அப்படித்தான். ஆனால் ஊர்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் தனித்து நிற்கும் ஊருக்கு வழியில்லை.

மொழி தெளிவாகப் பிரிந்திருக்கும் இடத்துக்குத் தாலுகா போதும். கலந்து வாழும் எல்லையோரத்துக்குக் கிராமமே சரி, தாமதமானாலும். தேவிகுளம், பீர்மேடு மட்டும் இரண்டிலும் அடங்காது: அங்கே தமிழர் அதிகம் இருந்தும், வேறு காரணங்களால் தாலுகாக்கள் கேரளத்திலேயே தங்கின.