ஆம்புட்ஸ்மேன் கைவிரித்த கிளைம்: அங்கேயே விடுவதா, நுகர்வோர் நீதிமன்றம் போவதா?

மருத்துவக் காப்பீட்டு கிளைமை நிறுவனம் மறுத்துவிட்டது, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் போனோம், அவரும் நிறுவனம் செய்தது சரிதான் என்று எழுதிவிட்டார். இனி என்ன? பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், ஆம்புட்ஸ்மேன் சொன்னதே கடைசி வார்த்தை என்று நினைத்து. அது உண்மையில்லை. ஆம்புட்ஸ்மேன் உங்களுக்குச் சாதகமாக உத்தரவு கொடுத்தால் அது நிறுவனத்தைக் கட்டும், 30 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். பாதகமாக வந்தால் அது உங்களைக் கட்டாது, நுகர்வோர் நீதிமன்றம் என்று நாம் சொல்லும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புதிதாகப் புகார் கொடுக்கலாம்.

இரண்டும் வேறு வேறு விதமான இடங்கள். ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, பெரும்பாலும் ஒரே விசாரணையில் முடிந்துவிடும், 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். ஆனால் அங்கே பாலிசிப்படி வரவேண்டிய பணமும் அதற்கான வட்டியும்தான் கிடைக்கும், மன உளைச்சலுக்கென்று தனி இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய குறை, ஆதாரங்களைத் தோண்டி விசாரிக்க அங்கே நேரமும் இல்லை, அந்த முறையும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். கட்டணமும் பயப்படும்படி இல்லை, ஏனென்றால் அங்கே கணக்கில் எடுப்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தை, கிளைம் தொகையை அல்ல. அந்த பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நுகர்வோர் புகார்களுக்கான e-Jagriti இணையதளம் வழியாகவும் போடலாம். விலை என்பது காலம்தான். சட்டம் சொல்வது மூன்று மாதம், நடப்பில் வருடக்கணக்கில் இழுக்கலாம். சிவில் கோர்ட் என்ற மூன்றாவது வழியும் உண்டு, ஆனால் கேட்கும் தொகைக்கு ஏற்ப கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் இப்படிப்பட்ட கிளைமுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

சரி, உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது தேதிகள். ஆம்புட்ஸ்மேனிடம் போக, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு உங்கள் முறையீட்டை நிராகரித்ததிலிருந்து ஒரு வருடம். அவர்கள் பதிலே தரவில்லை என்றால் முறையீடு அனுப்பி ஒரு மாதம் கழிந்ததிலிருந்து ஒரு வருடம். நுகர்வோர் ஆணையத்துக்கு, 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். அந்தக் காரணம் எப்போது எழுந்தது? கிளைம் மறுக்கப்பட்ட கடிதம் உங்களுக்கு வந்த அன்றே என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆம்புட்ஸ்மேனிடம் கழிந்த மாதங்களை யாரும் தானாகக் கழித்துத் தரமாட்டார்கள். அவர் உத்தரவு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள், பில் 4 லட்சத்து 20 ஆயிரம். ‘பத்து வருடமாக ரத்தக்கொதிப்பு இருந்ததை மறைத்தீர்கள்’ என்று மறுப்புக் கடிதம் 2023 ஜூன் 12 அன்று கையில் கிடைக்கிறது. குறைதீர்ப்புப் பிரிவு ஜூலையில் அதையே திருப்பிச் சொல்கிறது. அவர் தயங்கித் தயங்கி 2024 மே மாதம்தான் ஆம்புட்ஸ்மேனிடம் போகிறார், ஒரு வருடக் கெடுவுக்குள்தான், தவறில்லை. உத்தரவு 2025 ஏப்ரல் 28 அன்று பாதகமாக வருகிறது. இரண்டு வருடம் முடிவது ஜூன் 12இல். கையில் இருப்பது ஆறே வாரம்! இதே மனிதர் 2023 ஆகஸ்டிலேயே ஆம்புட்ஸ்மேனிடம் போயிருந்தால், தீர்ப்பு தாமதமானால்கூட மூச்சு விட நிறைய இடம் இருந்திருக்கும்.

ஆம்புட்ஸ்மேன் உத்தரவே வராமல் இரண்டு வருடக் கெடு நெருங்கினால் அங்கே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விடுங்கள். இந்தப் பாதை ஒருவழிதான். ஆணையத்தில் வழக்கு இருந்தாலோ முடிந்தாலோ, அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் தொடமாட்டார். கெடு தாண்டியே போய்விட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைப் புகாரோடு சேர்த்துப் போட வேண்டும். அதில் ஆம்புட்ஸ்மேனிடம் மனு கொடுத்த ரசீது, விசாரணை நோட்டீஸ், உத்தரவு எல்லாம் இணைத்து, உத்தரவுக்குப் பிறகு கழிந்த நாட்களுக்கும் காரணம் சொல்லுங்கள். ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம். நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப மெயில் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது காரணமாக எடுபடாது, கடிதப் போக்குவரத்து கெடுவை நீட்டாது.

இனி ஆதாரம். ஆம்புட்ஸ்மேனிடம் கொடுத்த அதே ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனால் அதே முடிவுதான் வரும். நமது உதாரணத்தில் முழுச் சண்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் டியூட்டி டாக்டர் எழுதிய ஒற்றை வரியில் நிற்கிறது, ‘ரத்தக்கொதிப்பு, 10 வருடம்’ என்று. அந்த வரியை யார் சொல்லி எழுதினார்கள்? அதனால் முதலில் மருத்துவமனையில் முழு கேஸ் ஷீட்டை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை கொடுத்த டாக்டரிடம், எப்போது முதல் அந்த நோய் கண்டறியப்பட்டது என்று சான்று வாங்குங்கள். பாலிசி எடுப்பதற்கு முந்தைய வருடங்களின் பரிசோதனை ரிப்போர்ட்டில் ரத்த அழுத்தம் சரியாக இருந்திருந்தால் அது தங்கம். அடுத்தது பாலிசி எடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட முன்மொழிவுப் படிவம், அதில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதா, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரிய வேண்டும். அது உங்களிடம் இல்லை என்றால் நிறுவனம் அதையும் தன் விசாரணை அதிகாரியின் அறிக்கையையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்திடம் மனு போடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு வந்ததன் பெரிய லாபமே இதுதான். மறைத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.

மறுப்புக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். அதில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாக நுழைக்க நிறுவனத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடிதம் வந்த உறை அல்லது மெயிலையும் வைத்திருங்கள், கெடுவைக் காட்ட அதுதான் சாட்சி. மெயில், வாட்ஸ்அப் நகல்களைக் கொடுத்தால், 2023ஆம் வருடத்து பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழும் வையுங்கள். ஆம்புட்ஸ்மேனின் பாதக உத்தரவை மறைக்காதீர்கள், எதிர்த்தரப்பு முதல் பதிலுரையிலேயே அதைக் காட்டிவிடும், உங்கள் நம்பகத்தன்மைதான் போகும். அதை நீங்களே இணைத்து, அவர் எந்த ஆவணத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வந்தார் என்று எழுதுங்கள்.

அங்கேயே விட்டுவிடுவது எப்போது சரி? கிளைம் சில ஆயிரம்தான், அல்லது பழைய மருந்துச்சீட்டே உங்கள் பெயரில் பாலிசிக்கு முன் தேதியில் இருக்கிறது என்றால் போகாதீர்கள். அப்புறம், ஆம்புட்ஸ்மேன் சமரசமாக ஒரு தொகையைப் பரிந்துரைத்து, நீங்கள் அதை முழுத் தீர்வாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தால், மீதிக்கு ஆணையத்தில் போராடுவது மிகக் கடினம். பரிந்துரையை ஏற்கச் சொல்லி வரும் அந்தத் தாளில் கையெழுத்து போடும் முன்புதான் கணக்குப் பார்க்க வேண்டும்.