மேலாளரிடம் கேள்வியா, வரிசையா?

வேலை மிஞ்சும்போது "எதை முதலில் முடிக்கட்டும்?" என்று கேட்பதா, நாமே வரிசை போட்டு ஒப்புதல் கேட்பதா?

தயாரிப்பு: கேள்விக்கு ஒன்றும் வேண்டாம். வரிசைக்கு ஒவ்வொரு வேலையின் மணிக்கணக்கையும் எழுத வேண்டும்.

பதில்: கேள்விக்குப் பெரும்பாலும் "எல்லாமே அவசரம்தான்" என்றே வரும். வரிசைக்கு அப்படிச் சொல்வது கடினம்: "இந்த வாரம் கையில் 30 மணி நேரம். அறிக்கைக்கு 16, தரவுச் சரிபார்ப்புக்கு 12, பயிற்சிக் குறிப்புக்கு 10, மொத்தம் 38. பயிற்சிக் குறிப்பை அடுத்த புதன்கிழமை தரட்டுமா?" எது தள்ளிப்போகிறது என்பது கண்முன் நிற்கிறது.

ஆபத்து: மேலாளர் வேறொருவருக்குக் கொடுத்த வாக்கு நமக்குத் தெரியாவிட்டால் வரிசை தவறிவிடும். ஆகவே புதிதாகச் சேர்ந்தவருக்குக் கேள்வியே பொருந்தும். மற்றவர்களுக்கு நான் வரிசையைத்தான் சொல்வேன்; ஒப்புக்கொண்டதை அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.