இயக்குநர் கூட்டக் குறிப்பைப் பிழைதிருத்தும் நான்கு வழிகள்: எது எதைப் பிடிக்கும், எதை விடும்

இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பும் தீர்மானங்களும் பிழைதிருத்த மேசைக்கு வரும்போது வழக்கமாக நான்கு வழிகளில் ஒன்றைக் கையாள்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் வாசிப்பது ஒன்று. காலம், வருகை, சொல்லாட்சி என்று பிரித்து, ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் பார்ப்பது இரண்டாவது. கணினியின் தேடல் வசதியால் சந்தேகச் சொற்களைத் துரத்துவது மூன்றாவது. போன கூட்டத்தின் கையொப்பமான குறிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நான்காவது. நான்குமே ஏதாவது ஒரு வகைப் பிழையில் கெட்டி, இன்னொன்றில் குருடு.

ஒரே மூச்சு வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துப் பிழை, விடுபட்ட சொல், முடியாமல் நிற்கும் வாக்கியம் ஆகியவை இதில் அகப்படும். ஆனால் கூட்டக் குறிப்பு ஏற்கெனவே பழகிய வாக்கியங்களால் ஆனது என்பதால், அடுத்து என்ன வரும் என்று கண் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க இது போதும். இதை மட்டும் நம்புவது ஆபத்து.

காலம்: தேடலா, சுற்று வாசிப்பா?

நடந்ததை விவரிக்கும் பகுதி இறந்தகாலத்திலும் படர்க்கையிலும் இருக்க வேண்டும், தீர்மானத்தின் வாசகம் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும் என்பது பரவலான மரபு. இந்தியாவில் கம்பெனிச் செயலர்களின் தொழில்முறை அமைப்பான ஐசிஎஸ்ஐ வகுத்த செயலகத் தரநிலை எஸ்எஸ்-1 இதையே விதியாகச் சொல்கிறது. ஆகவே ஒரே பக்கத்தில் இரண்டு காலங்கள் சரியாகவே அடுத்தடுத்து நிற்கும்: "நிதி அலுவலர் அறிக்கையை முன்வைத்தார்" என்பதும் சரி, அதன் கீழே "அதிகாரம் அளிக்கப்படுகிறது" என்பதும் சரி. தேடல் திணறுவது இங்கேதான்.

"கிறது", "கிறார்", "கின்ற", "கின்றார்" என்று ஒவ்வொன்றாகத் தேடினால் நிகழ்கால வினைகள் பெரும்பாலும் வரிசையாக வந்து நிற்கும். "கிற" என்று மட்டும் தேடிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. சில மென்பொருள்கள் உயிர்மெய்யைப் பாதியில் வெட்டிப் பொருத்துவதில்லை, அவற்றில் "கிறார்" தப்பிவிடும். அகப்பட்டவற்றில் எது விவரிப்பு, எது தீர்மானம் என்று தேடலுக்குத் தெரியாது. "எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானை இந்த வேலையில் தொடவே கூடாது என்பது எங்கள் தீர்க்கமான கருத்து. விவரிப்பைத் திருத்தப் போய்த் தீர்மானத்தையும் திருத்திவிடும்.

எதிர்காலத்தைத் தனியாகத் தேட வேண்டும், "படும்" என்று. தமிழில் எழுதும் குறிப்புகளில் அதிகம் நழுவுவது இதுதான். "வங்கிக் கணக்கை இயக்க நிர்வாக இயக்குநருக்கு அதிகாரம் அளிக்கப்படும்" என்றால், இன்று அளித்தார்களா, பின்னால் அளிப்பதாகச் சொன்னார்களா என்பது தெரியாது. அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கிப் பார்க்கும் வங்கி அதிகாரி இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. "அளிக்கப்படுகிறது" என்றால் ஐயமில்லை.

தேடலுக்கு அகப்படாதவை சுற்று வாசிப்பில்தான் வெளிவரும். "விற்பனை குறைந்துள்ளதாகத் தெரிவித்தார்", "ஒப்புதல் அடுத்த மாதம் கிடைக்கும் எனத் தெரிவித்தார்" ஆகிய இரண்டிலும் முடிவு வினை இறந்தகாலம். உள்ளே இருக்கும் கூற்று தன் காலத்தில் இருக்கலாம், அதைத் திருத்தப் போக வேண்டாம். கேள்வி எழ வேண்டியது "அடுத்த மாதம்" என்ற சொல்லின் மேல். இரண்டு ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கு அது எந்த மாதம்? "இன்று", "நாளை", "தற்போது" ஆகியவற்றுக்கும் இதே கேள்விதான். செயலரிடம் கேட்டுத் தேதியையோ மாதத்தையோ போட வேண்டும். வினை முடிவின் இயைபையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம். "இயக்குநர்கள் ஒப்புதல் அளித்தது" என்ற பிழை, எழுவாயை "குழு" என்பதிலிருந்து "இயக்குநர்கள்" என்று மாற்றிவிட்டு வினையை மறந்த இடத்தில் பிறக்கும்.

வருகைப் பட்டியல்: கட்டம் போடாமல் முடியாது

இந்த இடத்தில் மற்ற மூன்று வழிகளும் தோற்கும். தேடலில் ஒருவர் பெயர் எங்கெங்கே வருகிறது என்று தெரியும், அவர் எப்போது அறையில் இல்லை என்று தெரியாது. போன கூட்டத்தோடு ஒப்பிட்டால் பயனில்லை என்பதோடு கெடுதலும் உண்டு: பழைய கோப்பின் மேல் எழுதிய குறிப்பில், வராதவர் பெயர் வந்தவர் பட்டியலில் அப்படியே தங்கிவிடுவது வழக்கம். பிரித்து வாசிக்கும் சுற்றில் ஒன்றை வருகைக்கென்றே ஒதுக்கி, ஒரு தாளில் கட்டம் வரைவதுதான் வழி. இடப்பக்கம் இயக்குநர்கள், மேலே நிகழ்ச்சி நிரலின் பொருள் எண்கள். குறிப்பை வாசித்துக்கொண்டே ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. குழுவில் ஏழு இயக்குநர்கள். நிறுவனத்தின் சங்க விதிகளின்படி குறைவெண், அதாவது முடிவெடுக்கக் குறைந்தது இருக்க வேண்டிய இயக்குநர்களின் எண்ணிக்கை, 4 என்று வைத்துக்கொள்வோம். குறிப்பின் தலைப்பில் அ, ஆ, இ, ஈ, உ ஆகியோர் நேரில் வந்ததாகவும், ஊ காணொலியில் இணைந்ததாகவும், எ வர இயலாமைக்கு அனுமதி பெற்றதாகவும் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். முதல் பொருளில் "குறைவெண் இருந்ததால் தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார்" என்ற வழக்கமான வாக்கியம். மூன்றாம் பொருளில் "எ கேட்ட கேள்விக்கு நிதி அலுவலர் விளக்கமளித்தார்". ஐந்தாம் பொருளின் நடுவில் ஊவின் காணொலி இணைப்பு அறுந்தது, ஏழாம் பொருளில் மீண்டும் இணைந்தார். ஆறாம் பொருள் ஓர் ஒப்பந்தம். அதில் தங்களுக்குத் தொடர்பு உண்டு என்று தெரிவித்து ஈ, உ இருவரும் வெளியேறினர், எஞ்சியவர்கள் ஏகமனதாக ஒப்புதல் அளித்தனர். ஏழாம் பொருளில் "உ வழிமொழிந்தார்".

| | 1–2 | 3 | 4 | 5 | 6 | 7 |
|---|---|---|---|---|---|---|
| அ, ஆ, இ | நேரில் | நேரில் | நேரில் | நேரில் | நேரில் | நேரில் |
| ஈ | நேரில் | நேரில் | நேரில் | நேரில் | வெளியே | ? |
| உ | நேரில் | நேரில் | நேரில் | நேரில் | வெளியே | ? |
| ஊ | காணொலி | காணொலி | காணொலி | இடையில் அறுந்தது | இல்லை | காணொலி |
| எ | இல்லை | ? | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |

வரிக்கு வரி வாசித்தால் இதில் ஒரு மொழிப் பிழையும் கிடையாது. கட்டத்தைப் பார்த்தால் மூன்று கேள்விகள் எழும். வராத எ எப்படிக் கேள்வி கேட்டார்? வெளியேறிய ஈ, உ திரும்பி வந்ததாக எங்கும் எழுதப்படவில்லையே, உ எப்படி வழிமொழிந்தார்? மூன்றாவதுதான் கனமானது: ஆறாம் பொருளின்போது அறையில் இருந்தவர்கள் அ, ஆ, இ மூவர் மட்டும். குறைவெண் 4. கூட்டம் தொடங்கும்போது இருந்த எண்ணிக்கை, வாக்கெடுப்பின்போது இல்லை. ஒப்பந்தத்துக்கான ஒப்புதலே கேள்விக்குரியதாகிறது.

இங்கே பிழைதிருத்துபவர் எல்லை தாண்டக் கூடாது. ஊ ஆறாம் பொருளுக்கு முன்பே மீண்டும் இணைந்திருக்கலாம், "ஏழாம்" என்பது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். காணொலிப் பதிவில் உள்ள நேரத்தையும் செயலரின் கைக்குறிப்பையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். மூவர் என்பதே உண்மையானால், அதை மறைத்து எழுத யாருக்கும் உரிமை இல்லை. அது சட்ட ஆலோசகரிடம் போக வேண்டிய விஷயம். ஆகவே ஓரத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "பொருள் 6: ஈ, உ வெளியேறினர், ஊ இணைப்பில் இல்லை. வாக்கெடுப்பின்போது இருந்தவர் 3. இணைப்பு மீண்ட நேரத்தைச் சரிபார்க்கவும்." திருத்தம் வேண்டாம், கேள்வி மட்டும்.

சொல்லாட்சி: பழைய குறிப்போடு ஒப்பிடுவதன் பலமும் பொறியும்

நான்காவது வழிக்கு இங்கேதான் மதிப்பு. நிறுவனம் "இயக்குநர்" என்று எழுதுமா, "இயக்குனர்" என்றா, "குழு" என்றா, "வாரியம்" என்றா என்பதைக் கையொப்பமான பழைய குறிப்பே சொல்லிவிடும். ஒன்றைத் தேர்ந்துவிட்டால் கோப்பு முழுவதும் அதுவே. "குழு" என்ற சொல்லை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். தணிக்கைக் குழுவின் பரிந்துரையை இயக்குநர் குழு ஏற்கும் பொருளில் இரண்டையும் வெறுமனே "குழு" என்று சுருக்கினால், முடிவு செய்தது யார் என்பதே மறைந்துவிடும். அந்தப் பத்தியில் முழுப்பெயரே வேண்டும்.

பொறி இதுதான்: ஒரே சீராக்கும் ஆசையில், வேறு வேறு விளைவு கொண்ட வினைகளை ஒன்றாக்கிவிடுவது. "குறித்துக்கொண்டது" என்றால் அறிக்கையை வாங்கி வைத்தார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. "ஒப்புதல் அளித்தது" என்றால் முடிவெடுத்தார்கள். "பின்னேற்பு அளித்தது" என்றால் ஏற்கெனவே நடந்த செயலுக்குப் பிறகு சம்மதித்தார்கள். "பரிந்துரைத்தது" என்றால் முடிவு வேறொருவர் கையில், பெரும்பாலும் பங்குதாரர்களிடம். நடை ஒத்துவரவில்லையே என்று "குறித்துக்கொண்டது" என்பதை "ஒப்புதல் அளித்தது" என்று மாற்றினால், நடக்காத ஒரு தீர்மானத்தை உண்டாக்கியதாகும். எழுத்து முறையையும் பெயர் வடிவத்தையும் தாராளமாகச் சீராக்கலாம். வினைச்சொல்லைக் கேட்காமல் தொடக் கூடாது.

பழைய குறிப்பில் இருந்த பிழையும் தலைமுறை தலைமுறையாக வரும். முந்தைய கூட்டத்தின் தேதி, மாறிப்போன பதிவு அலுவலக முகவரி, பதவி விலகியவரின் பதவிப்பெயர் ஆகிய மூன்றும் நகலெடுத்த கோப்பில் ஒட்டிக்கொண்டே வரும். எனவே ஒப்பிடும்போது வேறுபடும் இடங்களை மட்டும் பார்த்தால் போதாது. தேதி, எண், பெயர் ஆகியவற்றில் வேறுபடாத இடங்களையும் சந்தேகிக்க வேண்டும்.

எந்த வரிசையில்?

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் பிரித்து வாசிப்பதே எங்கள் தேர்வு. மற்றவை அதன் கைக்கருவிகள். வருகைச் சுற்று முதலில் வர வேண்டும், ஏனெனில் அதில் எழும் கேள்விகளுக்குப் பதில் வர நேரமாகும், பதிலால் பத்திகளே மாறக்கூடும். காத்திருக்கும் நேரத்தில் பழைய குறிப்பை வைத்துச் சொல்லாட்சியைப் பார்க்கலாம். செயலரின் பதில்கள் சேர்ந்த பிறகு காலச் சுற்று, தேடலோடு. புதிதாகச் செருகிய வாக்கியங்களில்தான் காலம் அதிகம் பிசகும் என்பதால் அதை முன்கூட்டியே முடித்தால் இரண்டாம் முறை செய்ய நேரும். கடைசியில் ஒரே மூச்சு வாசிப்பு.

கூட்டம் சிறியது, பொருள்கள் மூன்றோ நான்கோ, யாரும் நடுவில் வரவுமில்லை போகவுமில்லை என்றால் கட்டத்தை விட்டுவிடலாம். வெளியேறல், தாமத வருகை, காணொலி இவற்றில் ஒன்று இருந்தாலும் போட்டாக வேண்டும். இவை எல்லாம் வரைவு நிலையில் நடக்க வேண்டிய வேலை. தலைவர் கையொப்பமிட்ட குறிப்பில் பிழை தென்பட்டால் பேனாவைத் தொடாமல் செயலரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திருத்தம் அடுத்த கூட்டத்தில் குழுவின் முன் வைக்கப்பட்டு, அந்தக் கூட்டத்தின் குறிப்பில் பதிவாகும்.