பின்தங்கியவர் எட்டிப் பிடிக்கும் லெவல் கணக்கு எது?

எங்கள் மேசையில் புதிய ஆட்டத் தொடர் ஒன்று தொடங்கும்போது எந்த லெவல் அட்டவணையை எடுப்பது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பழைய ரோல் பிளேயிங் கேம்களைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகைதான். ஒவ்வொரு லெவலுக்கும் தேவையான புள்ளி இரட்டிப்பாவது ஒன்று. லெவலுக்கு லெவல் இடைவெளி சீராகக் கூடுவது இன்னொன்று. லெவல் எண்ணின் கனத்தையே மொத்தப் புள்ளியாக வைப்பது மூன்றாவது. நான் எடுத்தது முதல் வகை. மேலே போகப் போக லெவல் ஏறுவது கடினமாகும் என்பது மூன்றுக்கும் பொது, அதில் பேச ஒன்றுமில்லை.

நான் பார்த்தது ஒரே ஒரு விஷயம்தான். குழுவில் ஒருவரின் பாத்திரம் செத்து, அவர் முதல் லெவலில் இருந்து மறுபடி தொடங்கினால், மற்றவர்களை எப்போது எட்டிப் பிடிப்பார்?

1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக், எக்ஸ்பர்ட் புத்தகங்களில் போர்வீரனுக்கான கணக்கு இது: இரண்டாம் லெவலுக்கு 2,000 புள்ளி, அப்புறம் 4,000, 8,000, 16,000, 32,000, ஏழாம் லெவலுக்கு 64,000. எட்டுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்து 1,20,000. இரட்டிப்பில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. அடுத்த லெவலுக்கு வேண்டிய புள்ளி, இதுவரை சேர்த்த மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். குழு ஏழில் இருந்து எட்டுக்குப் போக ஆளுக்கு 56,000 புள்ளி தேவை. அதே காலத்தில் புதிதாகச் சேர்ந்த போர்வீரனும் பூஜ்யத்தில் இருந்து 56,000 சேர்த்திருப்பான். அட்டவணையைப் பார்த்தால் ஆறாம் லெவல். மற்றவர்கள் ஒரே ஒரு லெவல் ஏறுவதற்குள் இவன் ஐந்து லெவல் ஏறிவிட்டான். திருடனாகத் தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. திருடனுக்கு ஏழாம் லெவல் 40,000-த்திலேயே வந்துவிடும், எனவே ஒரே ஒரு லெவல்தான் பின்னால் இருப்பான்.

இதற்காக யாரும் தனிச் சலுகை தரவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோருக்கும் ஒரே பங்குதான், வேலையை அட்டவணையே செய்கிறது.

ஆனால் அதே புத்தகத்தில் இதைக் கெடுக்கிற விதி ஒன்றும் இருக்கிறது. ஒரு சாகசத்தில் ஒரு லெவலுக்கு மேல் ஏறக்கூடாது. அதற்கு மேல் கிடைத்தால், அதற்கும் அடுத்த லெவலுக்கு ஒரு புள்ளி குறைவாக நிறுத்திவிட வேண்டும். அந்த 56,000 நான்கு சாகசங்களில், ஒவ்வொன்றிலும் 14,000-ஆக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சாகசம் முடிந்ததும் புதியவன் 3,999-இல் நிற்பான், இரண்டாம் லெவல். அடுத்தது 7,999, அப்புறம் 15,999. நான்காவதில்தான் முழு 14,000-மும் சேர்ந்து 29,999 ஆகும், அதாவது ஐந்தாம் லெவல். விதி இல்லாமல் ஆறு, விதியோடு ஐந்து. 26,001 புள்ளி காற்றோடு போயிற்று. இதனால் எங்கள் மேசையில், மற்றவர்களைவிடப் பின்தங்கியவருக்கு மட்டும் இந்த விதி கிடையாது.

சரி, இரண்டாவது வகை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 1,000, 3,000, 6,000, 10,000 என்று போகும். சூத்திரமாக எழுதினால்:

```
500 × L × (L − 1)
```

எந்த லெவலில் இருக்கிறீர்களோ அதன் ஆயிரம் மடங்கு புள்ளி சேர்த்தால் அடுத்தது. பரிசும் அதே மாதிரிதான் வளர்கிறது. நால்வர் குழு தன் லெவலுக்குச் சமமான எதிரியை வென்றால் லெவலின் 300 மடங்கு, ஆளுக்கு 75 மடங்கு. 1,000-ஐ 75-ஆல் வகுத்தால் 13.33. எந்த லெவலாக இருந்தாலும் பதிமூன்று சண்டைக்குச் சற்று மேல். ஆட்டம் நடத்துபவருக்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் கேள்வியை இதில் வைத்துப் பாருங்கள். ஏழில் இருந்து எட்டுக்கு 7,000 புள்ளி. அதே 7,000 புதியவனுக்குக் கிடைத்தால் நான்காம் லெவலோடு நின்றுவிடுவான். இதைச் சரிக்கட்ட, 2003-இல் வந்த 3.5 பதிப்பு ஒரே சண்டைக்குத் தாழ்ந்த லெவல்காரருக்கு அதிகப் புள்ளி கொடுத்தது. பலன் கிடைக்கும்தான். ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொருவரின் லெவலையும் எதிரியின் பலத்தையும் அட்டவணையில் தேடி, தனித்தனியாகப் பங்கு எழுத வேண்டும். வாரக் கடைசியில் களைத்துப்போய் உட்கார்ந்து செய்கிற வேலையா அது?

கனக் கணக்குக்குப் போக்கிமான் விளையாட்டுகளின் நடுத்தர வேகப் பிரிவு நல்ல உதாரணம். 50-ஆம் லெவலுக்கு 1,25,000, நூறாம் லெவலுக்குப் பத்து லட்சம். 50-இல் இருந்து 51-க்கு 7,651 புள்ளி வேண்டும். அவ்வளவையும் ஐந்தாம் லெவல் போக்கிமான் ஒன்றுக்குக் கொடுத்தால் 19-ஆம் லெவல் வரைதான் வரும். தனியாக விளையாடும்போது இது பெரிய குறையல்ல, பிடித்த ஆறை மட்டும் வளர்த்துக்கொண்டு போகலாம். நால்வர் உட்காரும் மேசைக்கு ஒத்துவராது.

இரட்டிப்புக்கும் ஒரு விலை உண்டு, அது பொற்காசு. அந்தப் பழைய புத்தகங்களில் பொக்கிஷமாகக் கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. புள்ளியில் பெரும்பகுதி இப்படித்தான் வரும். நான்கு போர்வீரர்கள் ஐந்தில் இருந்து ஆறுக்குப் போக மொத்தம் 64,000 புள்ளி. அதில் முக்கால் பங்கு பொக்கிஷம் என்றால் 48,000 காசு. ஒருவர் சுமக்கக்கூடியது அதிகபட்சம் 1,600 காசு, அதுவும் ஆமை வேகத்தில். ஆக, வேறெதுவும் சுமக்காத முப்பது பேர் வேண்டும். ஐந்தாம் லெவலைத் தாண்டியதும் பொக்கிஷத்தை ரத்தினமாகவும் நகையாகவும் மாற்றி வைக்காவிட்டால், ஆட்டம் கழுதை வண்டிக் கணக்காகிவிடும். வீரர்கள் சாகசத்தை விட்டுவிட்டுக் கூலியாட்களைத் தேட ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி.

இன்னொன்று, எட்டிப் பிடிக்க முதலில் உயிரோடு இருக்க வேண்டும். முதல் லெவல் போர்வீரனின் உயிர்ப் புள்ளி ஒரே ஒரு எட்டுமுகப் பகடை. ஏழாம் லெவல் மந்திரவாதி எறியும் தீப்பந்து ஏழு ஆறுமுகப் பகடை, சராசரியே 24-க்கு மேல். முதல் சாகசத்தில் புதியவரைப் பின்வரிசையில் வில்லோடு நிறுத்துங்கள். பங்கு எல்லோருக்கும் சமம் என்பதால் அங்கே நின்றாலும் புள்ளி குறையாது.

ஒன்பதாம் லெவலுக்கு மேலே நான் அதிகம் ஆட்டம் நடத்தியதில்லை, அதனால் அங்கே அட்டவணையை வைத்து மட்டும்தான் பேச முடியும். ஒன்பதுக்கு 2,40,000. அதற்குப் பிறகு இரட்டிப்பு நின்று, லெவலுக்கு 1,20,000 என்று தட்டையாகிவிடுகிறது. குழு 12-இல் இருந்து 13-க்குப் போகும்போது புதியவனுக்கும் அதே 1,20,000 கிடைத்து எட்டாம் லெவலுக்கு வருவான், ஐந்து லெவல் பின்னால். உங்கள் குழு அவ்வளவு உயரம் போகும் என்று தெரிந்தால், புதியவர்களை முதல் லெவலில் தொடங்கவிடாமல் நேராக ஏழிலோ எட்டிலோ சேர்த்துக்கொள்வது நல்லது.