ரெண்டு வாட்ச்மேனா, ராத்திரிக்கு மட்டும் ஒருவரா?

சென்னையில் பதினாறு வீடுகள் கொண்ட ஒரு அபார்ட்மெண்டை எடுத்துக்கொள்வோம். மெயின்டனன்ஸில் காவலுக்கு ஒதுக்க முடிந்தது மாதம் 24,000 ரூபாய். ஏஜென்சி ஆளுக்கு 15,000 கேட்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 17,700. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்றால் 35,400, கட்டுப்படியாகாது. உடனே யாராவது, "நாமே நேரடியா 12,000 சம்பளத்துல ரெண்டு பேரப் போட்டுக்கலாமே" என்பார்.

கணக்கு சரிதான். ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். ரெண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 84, வார லீவே கிடையாது. ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் 24 மணி நேரமும் கேட்டில். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கினார் என்று புகார் எழுதுவோம். நாளுக்கு எட்டு மணி, வாரம் ஆறு நாள் என்று முறையாகப் போட்டால் மூன்றரை ஆள் வேண்டும். அதற்கு நம்மிடம் காசு இல்லை.

அதனால் என் ஓட்டு ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒரே ஒருவருக்கு. ஆறு ராத்திரி, 48 மணி நேரம். ஏழாவது ராத்திரிக்கு ரிலீவர். ராத்திரிக்கு 700 வீதம் கொடுத்தாலும் மொத்தம் 21,000 சுமாருக்குள் முடியும். மிச்சப் பணத்தில் கேட்டுக்கு டோர் குளோசர், காலிங் பெல், மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் போடலாம். பகலில் கொரியரை வாங்கி வைக்க ஆள் இல்லை என்பது உண்மையான இழப்பு. தனியாக இருக்கும் வயதானவர்கள் அதிகம் என்றாலோ, எதிரே கடைத்தெரு என்றாலோ இந்த ஏற்பாடு ஒத்துவராது.

ஆள் ஒருவரே என்பதால், ராத்திரி ரவுண்டு போன நேரத்தை அவர் எழுதும் நோட்டு கறாராக இருக்க வேண்டும். 12.00, 2.00, 4.00 என்று வட்டமான நேரங்கள், எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு என்றால் காலையில் மொத்தமாக எழுதியது. சுற்றிப் பார்த்தாலொழிய தெரியாத ஒன்றை எழுதச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது பொது ஈபி மீட்டரின் ரீடிங். மாடிப்படி, பார்க்கிங் விளக்குகள் மட்டும் எரியும்போது ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஏறக்குறைய அரை யூனிட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு மோட்டார் ஓடினால் கடைசி ரவுண்டில் மட்டும் திடீரென்று கூடும். ஆறு மணிக்கு ரீடிங் பார்த்துப் பின்னோக்கி நிரப்புகிறவர் மொத்தத்தைச் சமமாகப் பிரித்துவிடுவார். அந்தத் தாவல் நோட்டில் இருக்காது.

வருகைப் பதிவை இதோடு கலக்காதீர்கள், அது தனி நோட்டு. ரவுண்டு நோட்டில் செக்ரட்டரி வாரத்துக்கு இருமுறை, கடைசி வரிக்கு நேர் கீழே இடம் விடாமல் கையெழுத்துப் போட்டால் போதும். பிறகு மேலே எதையும் செருக முடியாது.