கிறவலா, மணலா, சல்லியா: வன்னியில் வீட்டு நிலத்துக்குக் கீழே எதைப் போடுவது?

மார்கழி, தை மாதங்களில் கிளிநொச்சியில் வயலை ஒட்டிய வீடுகளுக்குப் போனால், கூரை ஒழுகாத அறையிலும் நிலம் குளிர்ந்து பிசுபிசுக்கும். தரையில் வைத்த நெல் மூட்டையின் அடியில் பூஞ்சணம் பிடித்திருக்கும். சுவரில் முழங்கால் உயரத்தில் பெயின்ற் கொப்பளித்து, உரித்தால் வெள்ளையாக உப்பு உதிரும். மேசனைக் கேட்டால் சீமெந்து குறைவு என்பார். பெரும்பாலும் சிக்கல் சீமெந்தில் இல்லை, அதற்குக் கீழே நிரப்பியதில் இருக்கிறது.

மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு சிறிதோ, அவ்வளவு உயரம் ஏறும். 1 மில்லிமீற்றர் அகலத் துளையில் 3 சென்ரிமீற்றர்தான். 0.01 மில்லிமீற்றர் துளையில் அதுவே 3 மீற்றர். களிமண்ணில் துளை இன்னும் சிறிது, கணக்குக்குப் பத்து மீற்றருக்கு மேலும் வரும். அப்படியானால் களிதான் மோசம் என்று தோன்றும். உண்மையில் களிக்குள் தண்ணீர் ஊர்வது மிக மெதுவாக. வெயில் காலம் வந்து நிலத்தடி நீர் இறங்கும்போதும் அது பாதி வழியில்தான் நிற்கும். வண்டல் வேறு. அதில் துளை தண்ணீரைப் பல அடி தூக்கும் அளவுக்குச் சிறிது, ஒரே மாரிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்குப் பெரிது. வயலோரம், வாய்க்காலோரம் கட்டிய வீடுகள் அதிகம் ஈரப்படுவதற்கு இதுதான் காரணம்.

ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். முற்றத்தில் இருந்து 15 அங்குலம் நிரப்பி, அதன்மேல் கொங்கிறீற் நிலம் போட்டிருக்கிறார்கள். நல்ல மாரியில் கிணற்றில் தண்ணீர் முற்ற மட்டத்துக்கு ஒரு அடி கீழே வந்து நிற்கிறது. ஆக, தண்ணீருக்கும் கொங்கிறீற்றின் அடிக்கும் இடையே 27 அங்குலம், ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். இந்த 70 சென்ரிமீற்றரை எது கடக்கும், எது கடக்காது என்பதுதான் கேள்வி.

எல்லோரும் போடுவது கிறவல். மலிவு, லொறியில் வந்து கொட்டுவார்கள், இடித்தால் கல்லு மாதிரி இறுகும். பாரம் தாங்க அருமையான சாமான்தான். ஆனால் கிறவலில் உள்ள கற்கள் ஒன்றை ஒன்று தொட்டு நிற்பதில்லை. களியும் வண்டலும் கலந்த சிவப்பு மண்ணுக்குள் மிதக்கின்றன. தண்ணீருக்குத் தெரிவது அந்த மண்ணின் துளைகள் மட்டுமே. அது ஒரு மீற்றருக்குக் குறையாமல் ஏறும், பல இடங்களில் அதற்கும் மேல். 70 சென்ரிமீற்றர் அதற்குப் பெரிதல்ல. “நல்லா இடிச்சா ஈரம் வராது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இடித்தால் வேகம் குறையும், சரி. ஆனால் துளை சுருங்குவதால் ஏறும் உயரம் கூடுகிறது. மேலே டைல்ஸ் பதித்திருந்தால் வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும், அப்போது வேகம் குறைந்ததில் பெரிய பயன் இல்லை. (முந்தி மண்வீட்டில் சாணி மெழுகிய நிலத்திலும் ஈரம் ஏறியது, ஏறிய வேகத்தில் காற்றோடு போனதால் யாரும் கவனிக்கவில்லை.)

அடுத்தது மணல். பருமனான ஆற்று மணலில் தண்ணீர் அரை அடி, மிஞ்சினால் ஒரு அடி ஏறும். நம் வீட்டில் 27 அங்குலம் இருப்பதால் தப்பிவிடும். வெள்ளம் வந்து முற்றத்தில் தண்ணீர் நின்றால் மிஞ்சுவது 15 அங்குலம்தான், மயிரிழையில் தப்பும். அதே உயரத்துக்குக் கடற்கரைப் பக்கத்து நைஸ் மணலைப் போட்டால் கதை மாறும்: அதில் இரண்டு அடி வரை ஏறலாம். கூடவே உப்பும் வரும். உப்பு இருந்தால் காற்றின் ஈரத்தையே இழுத்து நிலத்தை நனைக்கும், அதற்குக் கீழிருந்து தண்ணீர் வரவே தேவையில்லை. ஆற்று மணலின் விலையை நினைத்தால் 15 அங்குலமும் அதை நிரப்புவது வீண்செலவு என்பது என் எண்ணம்.

முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியில் இடைவெளி பெரிது, தண்ணீர் சில மில்லிமீற்றருக்கு மேல் ஏறாது. அதனால் முழு உயரமும் சல்லி போட வேண்டியதில்லை. 11 அங்குலம் கிறவல் போட்டு இடித்து, அதன்மேல் 4 அங்குலம் சல்லி பரப்பினால் போதும். ஏறி வரும் தண்ணீர் சல்லியின் அடியோடு நின்றுவிடும். ஒரே நிபந்தனை, தூசு கலக்காத சல்லியாக இருக்க வேண்டும். கல்லுடைக்கும் இடத்தில் தூசோடு அள்ளி வந்தால் அந்தத் தூசே திரியாகிவிடும். சல்லிமேல் நேராகக் கொங்கிறீற் ஊற்றினாலும் சீமெந்துப் பால் இறங்கி மேற்பக்க இடைவெளிகளை அடைத்துவிடும்.

பொலித்தீன் வருவது இங்கேதான். அது தண்ணீரையும் மறிக்கும், ஆவியையும் மறிக்கும். சல்லி ஆவியை மறிக்காது. வெறும் சீமெந்து நிலத்துக்கு ஆவி ஒரு பொருட்டல்ல. டைல்ஸ் பதிப்பவர்களும் தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்களும் பொலித்தீனைத் தவிர்க்க முடியாது. ஆனால் கிறவலின் மேல் பொலித்தீனை மட்டும் விரித்து, அதன்மேல் சில்லுவண்டி உருட்டிக் கொங்கிறீற் போட்டால் எங்காவது கிழியும், கிழிந்த இடத்தில் நிலத்தில் ஈரத் திட்டு விழும். கீழே சல்லி இருந்தால் அந்தக் கிழிசலுக்குத் தண்ணீர் வந்து சேராது. ஆகவே இரண்டும் போடுவது நல்லது. ஒன்றுக்குத்தான் காசு என்றால், வேலையாட்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லாத இடத்தில் நான் சல்லியைத்தான் எடுப்பேன். பொலித்தீன் 1000 கேஜ் எடுங்கள். சல்லிமேல் மெல்லிய மணல் தூவி விரியுங்கள். ஒட்டு ஒரு அடி மேவட்டும். ஓரத்தைச் சுவர் வரை கொண்டுபோய், சுவரில் ஈரம் ஏறாமல் அடியில் போடும் தடுப்புப் படையான டிபிசியோடு சேர்க்காமல் விட்டால், நிலத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு ஈரக் கோடு வந்தே தீரும்.

சுவருக்கு உள்ள தெரிவுகளில், 1க்கு 2 சீமெந்துக் கலவை டிபிசி அசையாத நிலத்தில் போதும். முருங்கன் பக்கத்துக் கரும் களியில் வேண்டாம். அந்த மண் மாரியில் ஊதி, கோடையில் வெடிக்கும்; கலவையும் சேர்ந்து வெடிக்கும். அங்கே வளைந்து கொடுக்கும் தார்ப்பூச்சோ தடித்த பொலித்தீனோ சரி.

கட்டி முடித்த வீட்டில் எதையும் உடைக்கும் முன் ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நிலத்தில் வைத்து நான்கு ஓரமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நனைந்தால் நிலத்து ஈரம், மேலே நனைந்தால் காற்றின் ஈரம். சுவர் நனைந்தால் முதலில் வெளிப்பூச்சைப் பாருங்கள்: டிபிசியைத் தாண்டி மண் வரை இறங்கியிருந்தால் தண்ணீர் அந்தப் பூச்சு வழியாகவே டிபிசியைச் சுற்றி ஏறும். உயர்த்திய முற்றமும் இதையே செய்யும். ஈரச் சுவரை மறைக்க டைல்ஸ் ஒட்டினால், ஆவியாக இடமில்லாமல் ஈரம் டைல்ஸுக்கு மேலே போய்த் தலைகாட்டும். பூச்சை டிபிசிக்கு மேலே வரை வெட்டி எடுத்துக் கோடை முழுக்கக் காய விடுங்கள். பூக்கும் உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.