பாயிண்டிங் கணக்கில் ஜாயின்ட் அகலம் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்

பழைய செங்கல் சுவருக்கு மறுபடி பாயிண்டிங் செய்ய, அதாவது செங்கல்களுக்கு நடுவே உள்ள ஜாயின்ட்டில் பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதுக் கலவை வைக்க, ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை கொடுத்திருந்தேன். பொருள் செலவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். சுவர் 40 சதுர மீட்டர், சுரண்டும் ஆழம் 20 மி.மீ., கலவை 1:3, சிமெண்ட் 8 மூட்டை, மணல் 800 லிட்டர் என்று எழுதிக் கொடுத்தார். பரப்பும் ஆழமும் சரியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தத் தாளில் ஜாயின்ட் அகலம் எங்கேயுமே இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

40 சதுர மீட்டரை 20 மி.மீ. ஆழத்தால் பெருக்கினால் 800 லிட்டர் வரும். அது சுவர் முழுக்க 20 மி.மீ. கனத்தில் பூசுவதற்கான கணக்கு. பாயிண்டிங்கில் செங்கல் முகத்தில் கலவை படுவதே இல்லை, இடுக்கில் மட்டும்தான் போகிறது. என் சுவரில் செங்கல் முகம் 230 க்கு 70 மி.மீ., ஜாயின்ட் 10 மி.மீ. ஆக, ஒரு செங்கல் தன் பங்கு ஜாயின்ட்டோடு சேர்த்து 240 க்கு 80, அதாவது 19,200 சதுர மி.மீ. இடம் பிடிக்கிறது. அதில் செங்கல் மட்டும் 16,100. மிச்சம் 3,100, அதாவது சுமார் 16 சதவீதம்தான் ஜாயின்ட்.

40 சதுர மீட்டரில் 16 சதவீதம் 6.4 சதுர மீட்டர். 20 மி.மீ. ஆழத்துக்கு 128 லிட்டர் கலவை. கீழே சிந்துவதற்கு 20 சதவீதம் சேர்த்தால் சுமார் 154 லிட்டர். தண்ணீர் விட்டுக் குழைத்தால் கலவை சுருங்கும் என்பதால் உலர்ந்த பொருளுக்கு 1.33 ஆல் பெருக்க வேண்டும், சுமார் 205 லிட்டர் வரும். அதை 1:3 ஆகப் பிரித்தால் சிமெண்ட் 51 லிட்டர், மணல் 154 லிட்டர். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர் என்பதால், ஒன்றரை மூட்டை போதும். இரண்டு வாங்கினால் தாராளம். எட்டு மூட்டை எங்கே?

கேட்டதற்கு, "வேஸ்டேஜ் சார்" என்றார். கலவை எவ்வளவு சிந்தினாலும் ஐந்து மடங்கு சிந்தாது. மிச்ச மூட்டைகளைக் கேட்டபோது, வேறு வேலைக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது.

அதோடு முடியவில்லை. முதல் பெரிய மழைக்குப் பிறகு சில இடங்களில் பாயிண்டிங் மெல்லிய பட்டைகளாகக் கழன்று வந்தது. கழன்ற துண்டை அளந்தால் கனம் 6, 7 மி.மீ. தான். பின்னால் பழைய சாந்து தூளாக அப்படியே இருந்தது. அதாவது 20 மி.மீ. சுரண்டவே இல்லை. 7 மி.மீ. ஆழத்துக்கு இந்தச் சுவர் முழுவதற்கும் அரை மூட்டை சிமெண்ட்கூடச் சரியாக இருந்திருக்கும். எட்டுக்குக் காசு வாங்கிவிட்டு அரையில் முடித்திருக்கிறார்கள் என்றால், கணக்கை விட எனக்கு இந்த வேலைதான் அதிகக் கோபம் தந்தது.

ஜாயின்ட் அகலத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு ஆழம் சுரண்டினால்தான் புதுக் கலவை பிடித்து நிற்கும். சுரண்டி, தூசி தட்டி, ஈரப்படுத்திய பிறகு, கலவை வைப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஒரு ஆணியில் 20 மி.மீ. அளவுக்குக் கோடு போட்டு, நாலைந்து இடத்தில் இடுக்கில் நுழைத்துப் பார்த்தால் போதும். கோடு வெளியே தெரிந்தால் ஆழம் போதாது. கலவை வைத்த பிறகு பார்க்கும்போது எல்லாம் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

பழைய சுவரில் ஜாயின்ட் எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்காது. ஒரு இடத்தில் 8, இன்னொரு இடத்தில் 15 இருக்கும். மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஒழுங்கில்லாத கல் சுவர் என்றால் செங்கல் அளவை வைத்துப் போடும் இந்தச் சதவீதம் பொருந்தாது. ஒரு மீட்டர் சதுரத்தைச் சாக்பீஸால் குறித்து, அதற்குள் ஓடும் இடுக்குகளின் மொத்த நீளத்தைக் கயிறு வைத்து அளந்து பாருங்கள். அந்த நீளத்தை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கலவை வந்துவிடும்.

அப்புறம் அந்த 1:3. பழைய செங்கல் மென்மையாகவும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாகவும் இருந்தால் இவ்வளவு கெட்டியான சிமெண்ட் ஆகாது. ஈரம் ஜாயின்ட் வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே போகும், நாளடைவில் செங்கல் முகம் உரியத் தொடங்கும். சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 என்று கலந்தால் இதே 205 லிட்டரில் சிமெண்ட் முக்கால் மூட்டைதான் ஆகும். எனக்கு வேலை செய்தவர் சுண்ணாம்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. இப்போது வேறொரு கொத்தனார் கழன்ற பகுதிகளைத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தந்த தாளில் அகலம், ஆழம், பரப்பு மூன்றும் இருக்கின்றன, கலவை வைப்பதற்கு முன் ஆணி சோதனை என்பதும் இருக்கிறது.